நீக்கிய டிக் அடுத்த புதுப்பிப்பில் திரும்பி வருவது ஏன்?

தென்காசி நகலகம்
5 பிப்ரவரி 2024, இரவு 9.40

நான் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் வாட்ஸாப்பில் அனுப்பும் ஆவணங்களை ஒரே கோப்பாகச் சேர்ப்பதற்காகச் சென்ற ஆண்டு ஓர் இலவசப் பிடிஎஃப் நிரலை நிறுவினேன். அப்போது கூடவே வந்த டூல்பாருக்கான டிக்கை எடுத்துவிட்டுத்தான் நிறுவினேன். அது நன்றாக நினைவிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை அந்த நிரலுக்குப் புதுப்பிப்பு வந்திருப்பதாக ஒரு சாளரம் எழுந்தது. கடையில் கூட்டம் நின்றதால் படித்துப் பார்க்காமல் Next பொத்தானை அடுத்தடுத்து அழுத்திவிட்டேன். சனிக்கிழமை காலையில் உலாவியைத் திறந்தால் முகப்புப் பக்கம் வேறாக இருக்கிறது. எதைத் தேடினாலும் முன்பின் தெரியாத ஒரு தளத்துக்குப் போகிறது. முகப்பைப் பழையபடி மாற்றி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே பக்கம்.

ஒருமுறை வேண்டாம் என்று சொன்னதை அந்த நிரல் ஏன் நினைவில் வைத்துக்கொள்வதில்லை? இப்போது வந்திருப்பதை எப்படி அகற்றுவது?

ஆய்வக உதவியாளர்
5 பிப்ரவரி 2024, இரவு 10.55

நான் ஒரு பாலிடெக்னிக்கின் கணினி ஆய்வகத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு விடை எளியது. நீங்கள் டிக்கை நீக்கியது, அந்த நிறுவி அன்றைக்கு ஓடிய நேரத்துக்கு மட்டும் சொன்ன பதில். பெரும்பாலான நிரல்களில் அந்தப் பதில் எங்கும் எழுதி வைக்கப்படுவதில்லை. புதுப்பிப்பு என்று நாம் சொல்வது, பல இலவச நிரல்களில், முழு நிறுவியையும் புதிதாக இறக்கி மறுபடி ஓட்டுவதுதான். எனவே கேள்வியும் புதிதாக வருகிறது, டிக்கும் புதிதாக இடப்பட்டே வருகிறது.

இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு ஜாவா. ஆரக்கிள் நிறுவனம் விண்டோஸுக்கான ஜாவா நிறுவியில் ஆஸ்க் டூல்பாரை டிக் இட்ட நிலையில் சேர்த்திருந்தது. 2013-இன் தொடக்கத்தில் ஜாவாவில் கடுமையான பாதுகாப்பு ஓட்டைகள் அடுத்தடுத்து வெளிப்பட்டன. ஜனவரி 13-இல் ஏழாம் பதிப்பின் 11-ஆம் புதுப்பிப்பு, பிப்ரவரி 1-இல் 13, பிப்ரவரி 19-இல் 15, மார்ச் 4-இல் 17 என்று எட்டு வாரத்துக்குள் நான்கு முறை வந்தது. உடனே போடுங்கள், தாமதிக்காதீர்கள் என்று எல்லோரும் எச்சரித்த புதுப்பிப்புகள் அவை. நான்கு முறையும் நாங்கள் டிக்கை நீக்க வேண்டியிருந்தது. மூன்று முறை கவனமாக இருந்து நான்காம் முறை கை தவறினால் டூல்பார் உள்ளே வந்துவிடும். எங்கள் ஆய்வகத்தில் அப்போது நாற்பது இயந்திரங்கள் இருந்தன. மாணவர்கள் தாமாகவே புதுப்பித்துவிட்ட ஆறேழு இயந்திரங்களில் அது குடியேறியிருந்தது.

அகற்றுவதற்கு வரிசை முக்கியம். முகப்புப் பக்கத்தை நீங்கள் முதலில் மாற்றியதால்தான் அது திரும்பி வந்தது. இத்தகைய டூல்பார்கள் பலவும், தம் அமைப்பை யாராவது மாற்றினால் திருப்பி எழுதுவதற்கென்றே ஒரு சிறு நிரலையும் சேர்த்து வைத்துவிட்டுப் போகும். முதலில் அந்தக் காவல் நிரல் போக வேண்டும். Settings-இல் Apps, அதில் Installed apps என்ற பட்டியலைத் திறந்து Date installed என்று வரிசைப்படுத்துங்கள். வெள்ளிக்கிழமைத் தேதியிட்ட எல்லாவற்றையும் பாருங்கள். உங்கள் பிடிஎஃப் நிரலுக்கு அருகில் நீங்கள் கேட்காத பெயர் ஒன்றோ இரண்டோ இருக்கும். அவற்றை நீக்குங்கள். அதன் பிறகு உலாவியின் நீட்டிப்புகள், கடைசியாக முகப்புப் பக்கமும் தேடுபொறியும்.

இனிமேல் நிறுவி முடிந்த கையோடு அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

வலைப்பிரியன்
6 பிப்ரவரி 2024, காலை 7.15

இவ்வளவு தேவையில்லை. நிறுவும்போது இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டால் போதும். அந்த விளம்பரப் பக்கங்கள் வழங்கியிலிருந்துதான் வருகின்றன. வலை இல்லையென்றால் பக்கமே தோன்றாது, நிறுவி நேராக வேலையை முடித்துவிடும். நான் பத்தாண்டுகளாக இப்படித்தான் செய்கிறேன்.

ஆய்வக உதவியாளர்
6 பிப்ரவரி 2024, மதியம் 1.30

வலைப்பிரியன் சொல்வது பாதி சரி. ஓபன்கேண்டி போன்ற விளம்பரப் பொதிகள் நிறுவிக்குள் ஒரு சிறு துண்டாக உட்கார்ந்துகொண்டு, எந்தச் சலுகையைக் காட்டுவது என்று வழங்கியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். இணைப்பு இல்லாவிட்டால் அவை எதையும் காட்டாமல் ஒதுங்கிவிடும். அந்தப் பொதி இருந்த நிறுவிகளைக் கட்டளை வரியில் `/NOCANDY` என்று சேர்த்து ஓட்டினால் விளம்பரப் பக்கம் வராது என்பதும் அந்நாளில் பலருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் கூடுதல் நிரலை முழுமையாகத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் நிறுவிகளும் உண்டு. அவற்றுக்கு இணையம் தேவையில்லை. இன்னொரு பக்கம், இப்போது நாம் இறக்கும் நிறுவிகளில் பல வெறும் இரண்டு மூன்று மெகாபைட் அளவுள்ள தொடக்கக் கோப்புகள். முதன்மை நிரலையே இணையத்திலிருந்துதான் அவை கொண்டுவரும். இணைப்பைத் துண்டித்தால் நீங்கள் கேட்ட நிரலும் வராது. நகலகக்காரரின் சிக்கல் புதுப்பிப்பில் தொடங்கியது. புதுப்பிப்பை இணையம் இல்லாமல் எப்படி இறக்குவது?

கண்ணாடி வாசகி
6 பிப்ரவரி 2024, மாலை 6.05

எனக்கும் இதே தொல்லைதான். புது மடிக்கணினி வாங்கிய நாளிலிருந்தே ஒரு வைரஸ் தடுப்பான் சந்தா கட்டு, சந்தா கட்டு என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. நான் எந்த டிக்கைத் தவறவிட்டேன்?

ஆய்வக உதவியாளர்
6 பிப்ரவரி 2024, இரவு 8.20

அம்மா, நீங்கள் எந்த டிக்கையும் தவறவிடவில்லை. அது மடிக்கணினியைத் தயாரித்தவர் விற்பனைக்கு முன்பே போட்டு அனுப்பியது. இங்கே பேசுவது நாமே ஓட்டும் நிறுவிக்குள் ஒளிந்து வருவதைப் பற்றி. ஆனாலும் உங்களுக்கும் அதே Installed apps பட்டியல்தான் வழி. வேண்டாமென்றால் அங்கிருந்து நீக்கிவிடலாம். நீக்கிய பின் விண்டோஸின் டிஃபெண்டர் தானாகப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்.

ஆய்வக உதவியாளர்
7 பிப்ரவரி 2024, காலை 6.50

முந்தாநாள் நான் எழுதிய கடைசி வரியைத் திருத்த வேண்டும். நிறுவி முடிந்த கையோடு பட்டியலைப் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். அது போதாது என்பது எனக்கே தெரிந்திருந்தும் எழுதும்போது விட்டுவிட்டேன்.

ஜாவாவுடன் வந்த ஆஸ்க் டூல்பார் என்ன செய்தது என்று 2013 ஜனவரியில் எட் பாட் என்ற தொழில்நுட்ப இதழாளர் ஆராய்ந்து எழுதினார். ஜாவா நிறுவல் முடிந்தவுடன் டூல்பார் நிறுவப்படவில்லை. அதன் நிறுவி பின்னணியில் பத்து நிமிடம் சும்மா காத்திருந்து, அதற்குப் பிறகே வேலையைத் தொடங்கியது. டிக்கை நீக்க மறந்துவிட்டோமோ என்ற ஐயத்தில் ஒருவர் உடனே பட்டியலைத் திறந்து பார்த்தால் அங்கே ஒன்றும் இராது. தப்பித்தோம் என்று அவர் நகர்ந்தபின் அது வந்து சேரும்.

இதைப் படித்த பிறகுதான் எங்கள் ஆய்வகத்தில் நடந்தது எனக்குப் புரிந்தது. ஒரு மாணவர் தன் இயந்திரத்தில் டூல்பார் இல்லை என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் போனார். அடுத்த வகுப்பில் அது இருந்தது. அவர் பொய் சொன்னதாக நினைத்து நான் கடிந்துகொண்டேன். அவர் காட்டியபோது அது உண்மையாகவே இல்லை. அந்த மாணவரிடம் பிறகு வருத்தம் தெரிவித்தேன்.

ஆகவே பட்டியலை நிறுவிய உடன் ஒருமுறையும், அரை மணி கழித்து இன்னொரு முறையும் பாருங்கள். அன்றிரவு கடையை மூடும் முன் பார்ப்பது இன்னும் நல்லது.

தென்காசி நகலகம்
7 பிப்ரவரி 2024, இரவு 10.10

ஐயா, நீங்கள் சொன்ன வரிசைப்படியே செய்தேன். வெள்ளிக்கிழமைத் தேதியில் மூன்று பெயர்கள் இருந்தன: பிடிஎஃப் நிரல், நான் கேட்காத ஓர் உலாவி, தேடலைப் பாதுகாப்பதாகப் பெயர் சூட்டிக்கொண்ட ஒன்று. பின்னவை இரண்டையும் நீக்கினேன். நீட்டிப்பு ஒன்றையும் நீக்கினேன். முகப்புப் பக்கத்தை மாற்றினேன். அமைப்புகளில் இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் மேசைத்திரையில் உள்ள குரோம் படத்தை இருமுறை சொடுக்கினால் மட்டும் அந்தப் பக்கம் இன்னமும் திறக்கிறது. கீழே உள்ள பணிப்பட்டையிலிருந்து திறந்தால் வருவதில்லை. ஒரே உலாவி எப்படி இரண்டு விதமாக நடக்கும்?

ஆய்வக உதவியாளர்
7 பிப்ரவரி 2024, இரவு 10.45

குறை உலாவியில் இல்லை, குறுக்குவழிப் படத்தில் இருக்கிறது. அந்தப் படத்தின்மேல் வலது சொடுக்கி, Properties-ஐத் திறந்து, Target என்ற பெட்டிக்குள் குறியை வைத்து End விசையை அழுத்துங்கள். பெட்டி சிறியது என்பதால் வரியின் கடைசிப் பகுதி பார்வைக்கு மறைந்திருக்கும். சரியான வரி இப்படி முடிய வேண்டும்:

```
...\Application\chrome.exe"
```

மேற்கோள் குறிக்குப் பின்னால் ஓர் இடைவெளியும் `http` என்று தொடங்கும் முகவரியும் ஒட்டியிருந்தால் அதுதான் காரணம். அந்த முகவரியை மட்டும் அழித்துவிட்டு Apply அழுத்துங்கள். சில உலாவிகளில் பயனர் கணக்கின் பெயரைக் குறிக்கும் சொற்கள் அங்கே முறையாகவே இருக்கும், அவற்றைத் தொடாதீர்கள்.

தென்காசி நகலகம்
7 பிப்ரவரி 2024, இரவு 10.58

இருந்தது. அழித்துவிட்டேன். இப்போது சரியாகிவிட்டது. மிக்க நன்றி ஐயா.

டொராண்டோ தமிழர்
9 பிப்ரவரி 2024, காலை 8.25

தெரிந்த நிரல்களின் விளம்பரப் பக்கங்களைப் படம் பிடித்து ஒரே இடத்தில் தொகுத்தால் எல்லோருக்கும் உதவும் என்று நினைத்தேன். சோதித்துப் பார்ப்பதற்காகச் சென்னையில் இருக்கும் என் தங்கையும் நானும் ஒரே நிறுவியை, ஒரே நாளில் ஓட்டினோம். அவளுக்கு ஒரு வைரஸ் தடுப்பானும் எனக்கு ஓர் உலாவியும் வந்தன. நான் மறுநாள் இன்னொரு கணினியில் ஓட்டியபோது எதுவுமே வரவில்லை. படத் தொகுப்பு பயன்படாது போலிருக்கிறது.

ஆய்வக உதவியாளர்
9 பிப்ரவரி 2024, இரவு 9.30

உங்கள் சோதனை மிகவும் பயனுள்ளது. சலுகையை வழங்கி தேர்ந்தெடுக்கும் முறையில், நாடு, கணினியில் ஏற்கெனவே இருப்பவை ஆகியவற்றைப் பொறுத்து காட்டப்படுவது மாறும். இந்த இடத்தில் டிக் இருக்கும், அதை எடு என்று எழுதும் வழிகாட்டிகள் விரைவில் பழையதாகிவிடுவது இதனால்தான். எனவே பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை மனப்பாடம் செய்வதைவிட, பக்கத்தை அடையாளம் காணப் பழகுவது பயன் தரும். என் மாணவர்களுக்கு நான் சொல்லித் தருவதை இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர் யாருடையது? நான் நிறுவ வந்த நிரலின் பெயரா, வேறு பெயரா? உரிம ஒப்பந்தப் பக்கம் ஒருமுறை வந்து போன பிறகு, அதே தோற்றத்தில், அதே எழுத்தளவில், இரண்டாவதாக ஓர் ஒப்பந்தப் பக்கம் வந்தால் பெரும்பாலும் அது இன்னொரு நிரலுக்கானது. அதன் கீழே Accept, Decline என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். இங்கேதான் மிகப் பலர் தவறுகிறார்கள். Decline அழுத்தினால் மொத்த நிறுவலும் நின்றுவிடும் என்று அஞ்சி Accept அழுத்துகிறார்கள். முதல் ஒப்பந்தத்தை மறுத்தால் நிறுவல் நின்றுவிடும் என்பது உண்மை. இரண்டாவதை மறுத்தால் அந்தக் கூடுதல் நிரல் மட்டுமே விலகும்; நீங்கள் கேட்ட நிரல் வழக்கம்போல் தொடரும்.

மற்றொரு தோற்றம், பரிந்துரைக்கப்படும் வழி, விருப்ப வழி என்று இரண்டு வட்டங்களைக் காட்டுவது. முதல் வட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டே வரும். இரண்டாவதன் கீழே டிக் இட்ட பெட்டிகள் சாம்பல் நிறத்தில் மங்கித் தெரியும். மங்கிய நிறத்தைப் பார்த்தவுடன், இவை செயல்படாதவை, நம்மால் மாற்ற முடியாதவை என்று மனம் எண்ணிக்கொள்கிறது. Custom என்ற வட்டத்தைத் தேர்ந்தால் அந்தப் பெட்டிகள் உயிர்பெறும். அப்போது டிக்கை நீக்கலாம். மறுக்கும் பொத்தானையே இப்படி மங்கலாக வரைந்து வைப்பதும் உண்டு. மங்கலாக இருந்தாலும் ஒருமுறை சொடுக்கிப் பாருங்கள்.

எல்லா டிக்கையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். டூல்பாரை நிறுவ விரும்பவில்லை என்ற பொருளில் எழுதப்பட்ட பெட்டியில் டிக் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. வாக்கியத்தைப் படிக்காமல் பழக்கத்தில் டிக்கை எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வலைப்பிரியன்
10 பிப்ரவரி 2024, காலை 7.40

அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்கினால் இந்தப் பிரச்சினையே வராது என்பதையாவது ஒத்துக்கொள்வீர்களா?

ஆய்வக உதவியாளர்
10 பிப்ரவரி 2024, இரவு 8.55

ஆபத்து குறையும், ஆனால் நீங்காது. இறக்குதளங்கள் தாமே விளம்பர உறையைச் சுற்றித் தந்த காலம் ஒன்று இருந்தது. சோர்ஸ்ஃபோர்ஜ் தளம் 2013-இல் அத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் கிம்ப் என்ற படத்தொகுப்பு நிரலின் குழுவினர் தம் விண்டோஸ் நிறுவியை அங்கிருந்து விலக்கிக்கொண்டார்கள். தளம் 2016-இல் கைமாறியபின் புதிய உரிமையாளர்கள் அத்திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அந்த வகைக்கு உங்கள் அறிவுரை முழுவதும் பொருந்தும்.

ஆனால் ஜாவா இறங்கியது ஆரக்கிளின் சொந்தத் தளத்திலிருந்துதான். கோப்புகளை அனுப்பப் பயன்படும் ஃபைல்சில்லா நிரலைப் பாருங்கள்; அதன் சொந்தத் தளத்திலேயே பெரிய பொத்தான் தருவது விளம்பரம் சேர்ந்த நிறுவி. This installer may include bundled offers என்று அவர்களே பக்கத்தில் எழுதியும் இருக்கிறார்கள். Show additional download options என்ற சிறிய இணைப்புக்குள் போனால் விளம்பரம் இல்லாத நிறுவி கிடைக்கிறது. இறங்கிய கோப்பின் பெயரிலேயே வேறுபாடு தெரியும்: விளம்பரம் உள்ள கோப்பின் பெயரில் `sponsored` என்ற சொல் இருக்கும். ஓட்டுவதற்கு முன் கோப்பின் பெயரை ஒருமுறை படிக்கும் வழக்கத்தை நான் அதிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

சட்ட மாணவி
12 பிப்ரவரி 2024, மாலை 5.20

இந்தியாவில் 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கும் வழிகாட்டுநெறிகளை வெளியிட்டது. பதின்மூன்று வகைகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். கேட்காத பொருளைக் கூடைக்குள் நுழைப்பது அதில் ஒன்று. நகலகக்காரர் அதன்படி முறையிடலாம்.

ஆய்வக உதவியாளர்
12 பிப்ரவரி 2024, இரவு 9.15

அந்த வகையின் விளக்கத்தைப் படித்தேன். பயனர் செலுத்த வேண்டிய தொகை கூடிவிடுவதை வைத்து அதை வரையறுத்திருக்கிறார்கள். இங்கே யாரும் பணம் கட்டவில்லை. ஆனால் ஒரு பொத்தானை மங்கலாக்கி இன்னொன்றை முன்னிறுத்துவது, குழப்பும் மொழியில் கேள்வி கேட்பது ஆகியவையும் தனித்தனி வகைகளாக அதே பட்டியலில் இருக்கின்றன. அவை இன்னும் நெருக்கமாகப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்ட மாணவி
12 பிப்ரவரி 2024, இரவு 9.50

தொகையைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான், என் எடுத்துக்காட்டு தவறு. மற்ற இரண்டு வகைகளில் பொருத்தலாம் என்றாலும், இலவச நிரலைப் பயன்படுத்துபவர் நுகர்வோர் ஆவாரா என்ற கேள்வி முன்னால் நிற்கிறது. எங்கள் வகுப்பில் இரண்டு பக்கமும் வாதாடினார்கள்; முடிவு எட்டப்படவில்லை.

ஆய்வக உதவியாளர்
17 பிப்ரவரி 2024, காலை 11.05

இரண்டு நாளாக ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கிறேன். பதில் நினைவில் வைக்கப்படுவதில்லை என்று முதல் நாள் பொதுவாகச் சொன்னேன். ஜாவாவிலேயே பின்னாளில் அதற்கு ஓர் இடம் வந்தது. 2014-இல் ஜாவா கட்டுப்பாட்டுப் பலகத்தின் Advanced பகுதியில் Suppress sponsor offers when installing or updating Java என்ற பெட்டியைச் சேர்த்தார்கள். அதில் டிக் இட்டால் பிந்தைய புதுப்பிப்புகள் கேள்வியே கேட்பதில்லை. 2015-இல் அவர்கள் ஆஸ்க்கை விட்டு யாகூவுக்கு மாறியபோதும் அந்த அமைப்பு எங்கள் இயந்திரங்களைக் காத்தது. எனவே உங்கள் நிரலின் அமைப்புகளிலும் இத்தகைய பெட்டி இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்ப்பது தகும். பெரும்பாலானவற்றில் இராது.

விண்டோஸிலும் ஒரு தடுப்பு உண்டு. Windows Security-இல் App & browser control, அதில் Reputation-based protection settings, அதில் Potentially unwanted app blocking. இயங்குகிறதா என்று பவர்ஷெல்லிலும் பார்க்கலாம்:

```
(Get-MpPreference).PUAProtection
```

1 என்று வந்தால் தடுக்கிறது. 0 என்றால் இல்லை. இதற்கு இரண்டு எல்லைகளைச் சொல்ல வேண்டும். பெயர்பெற்ற நிறுவனங்களின் உலாவியையோ வைரஸ் தடுப்பானையோ இது வழக்கமாக வேண்டாத நிரலாகக் கருதுவதில்லை. அவை தாராளமாக உள்ளே வரும். அப்படி ஒரு வைரஸ் தடுப்பான் டிக்கைத் தவறவிட்டதால் வந்துவிட்டால், டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். அதோடு இந்தத் தடுப்பும் நின்றுபோகும். ஆகவே கூடவே வருவது வைரஸ் தடுப்பான்தானே, நல்லதுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

தென்காசி நகலகம்
1 மார்ச் 2024, இரவு 10.30

இன்று பிடிஎஃப் நிரலுக்கு மறுபடி புதுப்பிப்பு வந்தது. கடையில் ஆள் இருந்ததால் மூடி வைத்துவிட்டு, இரவு எட்டு மணிக்கு மேல் ஓட்டினேன். முதல் ஒப்பந்தம் நிரலின் பெயரில் இருந்தது, ஏற்றேன். இரண்டாவது பக்கமும் அச்சு அசலாக அப்படியே இருந்தது. மேலே இருந்த பெயர் மட்டும் வேறு. மங்கலாக இருந்த Decline-ஐ அழுத்தினேன். மூன்றாவதாக இன்னொரு பெயர், அதையும் மறுத்தேன். நிறுவல் நிற்கவில்லை. உடனே பட்டியலைப் பார்த்தேன், வீட்டுக்குக் கிளம்பும் முன் மீண்டும் பார்த்தேன். இன்றைய தேதியில் பிடிஎஃப் நிரல் மட்டுமே இருக்கிறது. பவர்ஷெல் 1 என்று காட்டுகிறது.

கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு பெட்டி டிக்கோடு இருந்தது. நிரலை மேம்படுத்த உதவுங்கள் என்பது போல எழுதியிருந்தது. பெயர் அந்த நிரலுடையதுதான். அதனால் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

ஆய்வக உதவியாளர்
1 மார்ச் 2024, இரவு 11.10

அது நீங்கள் நிரலைப் பயன்படுத்தும் விவரங்களைத் தயாரித்தவருக்கு அனுப்புவதற்கான ஒப்புதலாக இருக்கலாம். புதிய நிரல் எதையும் கொண்டுவருவதாகத் தெரியவில்லை. உங்களிடம் வருவது மற்றவர்களின் ஆவணங்கள் என்பதால் அதை நிறுத்திவிடுவதே முறை. நிரலின் Settings-இல் Privacy என்ற பெயரில் இருக்கிறதா என்று நாளை பாருங்கள். அங்கே அணைத்தது அடுத்த புதுப்பிப்புக்குப் பின்னும் அணைந்தே இருக்கிறதா என்பதைக் கவனித்து இங்கே எழுதுங்கள்.